சங்கத்தில் சேரலாமா? முதலில் எண்ணெய் டின்னை எடை போடுங்கள்

கேள்வி: கோட்டையூரில் வீட்டிலேயே கை முறுக்கு, தேன்குழல், சீப்பு சீடை, மனகோலம் போட்டு விற்கிறேன். மாதம் பத்து டின் எண்ணெய் ஆகும். பாதிச் சரக்கு சென்னைக்குக் கூரியரில் போகிறது. பக்கத்துக் கடைக்காரர் வணிகர் சங்கத்தில் சேரச் சொல்கிறார், வருட சந்தா 1,000 ரூபாய். எல்லாரும் சேர்ந்து விருதுநகரிலிருந்து எண்ணெய் இறக்கினால் விலை குறையுமாம். சங்கத்தில் பெரிய கடைக்காரர்கள்தான் அதிகம். என்னைப் போன்ற சின்ன ஆளுக்கு அதில் ஏதாவது கிடைக்குமா?
வாசகி, கோட்டையூர்

பதில்:

சேருங்கள். ஆனால் எண்ணெய்க்காக மட்டும் என்றால் யோசித்துச் சேருங்கள், ஏனென்றால் எண்ணெயில் உங்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வேறு இடத்தில் நிறைய மிஞ்சும், அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் எண்ணெய்க் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

மொத்தக் கடையில் ரேட் கேட்கும்போது முதல் கேள்வி, டின் 15 கிலோவா 15 லிட்டரா என்பதுதான். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான் வரும், அதனால் 15 லிட்டர் டின்னில் உள்ள எண்ணெய் 13.65 கிலோ. காலி டின் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும், ஆக தராசில் வைத்தால் 16 கிலோ பக்கம் நின்றால் அது கிலோ டின், பதினாலரைப் பக்கம் நின்றால் லிட்டர் டின். கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். உள்ளூர்க் கடையில் 15 கிலோ டின் 2,250 ரூபாய், அதாவது கிலோ 150. வெளியூரிலிருந்து ஒருவர் போன் போட்டு "டின் 2,070க்குத் தருகிறேன்" என்கிறார். 180 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். அது லிட்டர் டின்னாக இருந்தால் 2,070ஐ 13.65 ஆல் வகுத்துப் பாருங்கள், கிலோ 151 ரூபாய்க்கு மேல் போகும். உள்ளூரில் வாங்குவதே மலிவு! அதனால் எந்த ரேட்டையும் கிலோவுக்கு மாற்றிய பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

சரி, உண்மையான கிலோ டின்னே 2,160க்குக் கிடைத்தது, எட்டுப் பேர் சேர்ந்து 60 டின் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டின்னுக்கு 90 ரூபாய் குறைந்திருக்கிறது. வண்டி வாடகை 2,400 என்றால் டின்னுக்கு 40 போய்விடும், ஏற்றுக்கூலி இறக்குகூலிக்கு ஒரு 10. மிச்சம் 40 ரூபாய், உங்கள் பத்து டின்னுக்கு மாதம் 400. இதோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. உள்ளூர்க் கடைக்காரர் உங்களுக்குப் பதினைந்து நாள் கடன் தருகிறார் அல்லவா, மொத்தமாக வாங்கும்போது முன்பணம் கட்ட வேண்டும், அந்த 22,000 ரூபாயை ரெண்டு வட்டிக்கு எடுத்தால் பதினைந்து நாளைக்கு 220 ரூபாய் வட்டி. கடைசியில் கையில் நிற்பது 180. கைப்பணம் இருந்து, வட்டிக்கு எடுக்காமல் கட்ட முடிந்தால் முழு 400ம் உங்களுக்குத்தான். ஆக எண்ணெயில் சந்தாக் காசு வரும், அதற்கு மேல் கொஞ்சம் வரும், அவ்வளவுதான்.

விலை ஏறப்போகிறது என்று யாராவது சொல்லி மூன்று மாதச் சரக்கை ஒரேயடியாக இறக்கச் சொன்னால் போகாதீர்கள். சமையல் எண்ணெயில் பெரும்பகுதி இறக்குமதி, விலை டெல்லியில் போடும் சுங்கவரியோடு ஏறி இறங்கும். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படைச் சுங்கவரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதம் ஆனது, 2025 மே மாதக் கடைசியில் அதே வரி 10 சதவீதமாகக் குறைந்தது. வரி குறைவதற்கு முந்தின வாரம் வீடு நிறைய டின் அடுக்கி வைத்திருந்தவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதோடு ரொம்ப நாள் நின்ற எண்ணெய் காறல் அடிக்கும், அது பலகாரத்தில் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள், தீபாவளிக்கு மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்களுக்கு உண்மையிலேயே காசு மிஞ்சும் இடத்துக்கு வருவோம். அது அட்டைப்பெட்டி. பலகாரம் கனமில்லாத சரக்கு, ஆனால் இடத்தை அடைக்கும். பல கூரியர்களில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து ஒரு எடை போடுவார்கள், நிஜ எடையைவிட அது கூடுதலாக வந்தால் அதற்குத்தான் பணம். கடையில் கிடைக்கிற 40க்கு 30க்கு 30 பெட்டியில் ஐந்து கிலோ முறுக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். தராசில் ஐந்தரைக் கிலோ, அவர்கள் கணக்கில் 7.2 கிலோ, அதையும் முழுக் கிலோவாக்கி 8 என்று பில் போடுவார்கள். அதே பெட்டி உயரம் 24 ஆக இருந்தால் கணக்கு 5.76, பில் 6 கிலோவுக்கு. கிலோவுக்கு 40 ரூபாய் என்றாலும் ஒரு பார்சலுக்கு 80 ரூபாய் மிச்சம்! எண்ணெயில் ஒரு டின்னுக்கு மிஞ்சியதைப் போல இரண்டு மடங்கு. உயரம் குறைந்ததால் உள்ளே காலி இடம் குறையும், சீப்பு சீடை உருண்டு உடைவதும் குறையும்.

அப்படியென்றால் நாமே 24 உயரத்தில் பெட்டி செய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். பெட்டி செய்பவர் ஐம்பதுக்கும் நூறுக்கும் தனி அளவு வெட்டித் தர மாட்டார், நூற்றுக்கணக்கில் எடுத்தால்தான் கட்டும் என்பார். உங்களால் அவ்வளவு எடுத்து வைக்க இடமும் இல்லை, பணமும் முடங்கும். பலகாரம் போடுகிற எட்டு வீடு ஒரே அளவுக்கு ஒத்துக்கொண்டால் ஒரே ஆர்டரில் முடிந்துவிடும். பெட்டியில் யார் பெயரும் அச்சடிக்க வேண்டாம், அவரவர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். மளிகைக் கடைக்காரர்களுக்கு இந்தப் பெட்டியால் பயன் இல்லை, அதனால் சங்கத்தில் போய் முதலில் நீங்கள் தேட வேண்டியது பலகாரக்காரர்களை, ஊறுகாய் வடகம் மசாலாப்பொடி அனுப்புகிறவர்களை. ஒரே மாதிரி சரக்கு அனுப்பும் ஐந்து பேர் கிடைத்தால் போதும், நாற்பது பேர் கையெழுத்து வேண்டியதில்லை.

கூரியர்காரரிடம் பேசப் போவதற்கு முன்னால் இந்த ஐந்து பேரும் ஒரு மாதம் நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதி, எத்தனை பெட்டி, எந்த ஊர், பில் எடை எவ்வளவு, உடைந்தது எத்தனை, இவ்வளவு இருந்தால் போதும். "நிறைய அனுப்புகிறோம், குறைத்துக் கொடுங்கள்" என்றால் யாரும் குறைக்க மாட்டார்கள், "மாதம் இத்தனை பெட்டி, அதில் பாதிக்கு மேல் சென்னை, சாயந்திரம் ஒரே வீட்டில் வந்து எடுத்துக்கொள்ளலாம்" என்றால் அவருக்கும் ஆள் செலவு மிச்சம், அதனால் இறங்கி வருவார். ரேட் குறையவில்லை என்றாலும் வீடு வந்து எடுப்பது, உடைந்தால் ஈடு கொடுப்பது, இந்த இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கூட்டுக் கொள்முதல் படுத்துப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். எட்டுப் பேர் தலையாட்டுவார்கள், லோடு வருகிற அன்று உள்ளூர்க் கடைக்காரர் டின்னுக்கு 20 ரூபாய் குறைத்துவிட்டார் என்று இரண்டு பேர் பின்வாங்குவார்கள், மீதி ஆறு பேர் தலையில் வாடகை ஏறும், மொத்த வியாபாரி அடுத்த முறை நல்ல ரேட் சொல்ல மாட்டார். அதனால் பணம் முதலில், பெயர் அப்புறம். இரண்டு நாள் முன்னால் பணம் போட்டவர் பெயர் மட்டும்தான் பட்டியலில் இருக்க வேண்டும், சொந்தக்காரராக இருந்தாலும் சரி. எண்ணெய் ரேட் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று சொல்வார்கள், ரேட் வந்த பிறகு கூடிப் பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. வாங்கும் பொறுப்பை ஒருவரிடம் விட்டு, கிலோ இந்த விலைக்குள் வந்தால் எடுங்கள், தாண்டினால் விட்டுவிடுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இறக்கும்போது நாலு டின்னையாவது எடை போட்டுப் பாருங்கள், கசிவு, மூடி, தயாரிப்புத் தேதி பாருங்கள், கசிந்த டின்னை அந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றுங்கள்.

பில் அவரவர் பெயரில் தனித்தனியாக இருக்க வேண்டும். செயலாளர் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ ஒரே பில் போட்டுப் பிரித்துக்கொண்டால், எண்ணெய்க்குக் கட்டிய 5 சதவீத ஜி.எஸ்.டி.யை, முறைப்படி பதிவு செய்த உறுப்பினர்கள்கூடக் கழித்துக்கொள்ள முடியாது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜி.எஸ்.டி.யாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு எப்படியும் கழிவு இல்லை, ஆனால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து எண்ணெய் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் உங்கள் பெயரில் உள்ள பில்தான் பேசும்.

பெரிய கடைக்காரர்கள் இருப்பது உங்களுக்கு நல்லதுதான். எந்த மொத்த வியாபாரி கசிந்த டின்னைத் தகராறு இல்லாமல் மாற்றித் தருவார், எந்த வெளியூர்க் கடை சரக்கை வாங்கிவிட்டு மூன்று மாதம் பணம் தராமல் இழுக்கும், இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பொதுக் கூட்டத்தில் கேட்டால் சொல்ல மாட்டார்கள், கூட்டம் முடிந்து நிற்கும்போது ஒருவரிடம் தனியாக, "இந்த ஊரில் இந்தக் கடைக்கு 20,000 ரூபாய் சரக்கு கடனுக்குக் கொடுக்கலாமா அண்ணே?" என்று குறிப்பாகக் கேளுங்கள், பதில் வரும்.

சந்தா கட்டும் முன் இரண்டு காகிதம் கேளுங்கள்: 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த எண், போன வருடத் தணிக்கைக் கணக்கு. தர மறுத்தால், அவர்கள் கையில் முன்பணம் கொடுக்காதீர்கள். சங்கத்தில் சேர்ந்தால் வணிகர் நல வாரிய உதவியும் தானாக வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது அரசு வாரியம், அதற்குத் தனியாக விண்ணப்பித்து உறுப்பினராக வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது முக்கியம். சேர்ந்து வாங்கலாம், சேர்ந்து பேரம் பேசலாம். ஆனால் "இனி கை முறுக்கு கிலோ இந்த விலைக்குக் கீழ் யாரும் விற்கக் கூடாது" என்று சங்கம் தீர்மானம் போட்டால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டியாளர்கள் கூடி விற்பனை விலையை நிர்ணயிப்பது 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவுக்கு விரோதம், இதுபோன்ற காரியங்களுக்காக வணிகர் சங்கங்கள் மீது போட்டி ஆணையம் அபராதம் போட்டிருக்கிறது. உங்கள் முறுக்கின் விலையை நீங்களே வையுங்கள், அன்றைய கூட்டக் குறிப்பில் நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதச் சொல்லுங்கள்.