உங்கள் பதிவில் எதை எண்ணுவது, எதை விட்டுவிடுவது

"பி.இ. மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஐ.பி.பி.எஸ். பி.ஓ. மெயின்ஸ் தேறிவிட்டேன். இன்டர்வியூவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. கோச்சிங் சென்டரில் மாக் இன்டர்வியூவுக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். வீட்டில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க ஆள் இல்லை. போனில் நானே பேசிப் பதிவு செய்கிறேன். திரும்பக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. எதைத் திருத்துவது என்று தெரியவில்லை. ஒரு பதிவை இணைத்திருக்கிறேன்."
– வாசகி, தருமபுரி

அந்த 6,000 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். உங்கள் பதிவில் திருத்த வேண்டியவை மூன்றுதான். மூன்றையும் காதில் ஹெட்போனும் கையில் பேனாவும் இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எரிச்சல் வருவதற்குக் காரணம், எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்பது. குரல், உச்சரிப்பு, இலக்கணம், தயக்கம் எல்லாம் ஒன்றாகக் காதில் விழுந்தால் 'நன்றாக இல்லை' என்ற முடிவுக்கு மட்டுமே வர முடியும். ஒரே பதிவை மூன்று முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பதிவு செய்த உடனே கேட்க வேண்டாம். சொல்ல நினைத்தது மனதில் இன்னும் இருப்பதால், சொல்லாததையும் சொன்னதாகவே காது எடுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் கேளுங்கள்.

முதல் முறை வேகத்துக்கு. நீங்கள் அனுப்பியது 'மெக்கானிக்கல் படித்துவிட்டு ஏன் வங்கி வேலை?' என்ற கேள்விக்கான பதில். நீளம் 1 நிமிடம் 52 விநாடி. அதைச் சொல்லுக்குச் சொல் எழுதிப் பார்த்தால் 263 சொற்கள், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 141. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் வரை கேட்பவருக்குச் சிரமம் தராது. அப்படியானால் உங்கள் வேகம் சரியா? சரியில்லை. முதல் 30 விநாடியில் மட்டும் 90 சொற்கள் ஓடுகின்றன, அது நிமிடத்துக்கு 180. மீதி 82 விநாடியில் 173 சொற்கள், நிமிடத்துக்கு 127தான். சராசரி இதை மறைத்துவிடுகிறது. அந்த முதல் அரை நிமிடம் ஊர், கல்லூரி, ப்ராஜெக்ட் என்று நீங்கள் மனப்பாடம் செய்த பகுதி. மனப்பாடம் வேகமாக ஓடும். அது தீர்ந்த இடத்தில் பேச்சு தடுமாறும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இடம் பளிச்சென்று தெரியும். ஆகவே மொத்தத்தை எண்ணாமல் 30 விநாடித் துண்டுகளாக எண்ணுங்கள். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் 20 சொல்லுக்கு மேல் வித்தியாசம் வந்தால், வேகமான துண்டை மறந்துவிட்டு வேறு சொற்களில் மறுபடி சொல்லிப் பழகுங்கள்.

தமிழில் பேசிப் பழகுகிறவர்கள் இந்த 120, 150 கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழில் ஒரு சொல்லே ஆங்கிலத்தின் மூன்று சொல்லுக்குச் சமமாக நீளும். எண்ணிக்கை குறைவாகத்தான் வரும்.

இரண்டாம் முறை, இடைச்செருகல் சொற்களுக்கு. உங்கள் பதிவில் 'சோ' 8 முறை, 'ஆக்சுவலி' 6 முறை, 'ம்ம்' 5 முறை, ஆக 19. தமிழில் பேசியிருந்தால் அந்த இடங்களில் 'வந்து', 'என்னன்னா' வந்திருக்கும். எண்ணிக்கையைக் கண்டு பயப்பட வேண்டாம், எங்கே விழுகின்றன என்பதைப் பாருங்கள். எழுதி வைத்த தாளில் அந்தச் சொற்களைச் சுற்றி வட்டமிட்டால் உடனே தெரியும். வாயைத் திறந்தவுடன் 3. ஒரு விஷயத்தை முடித்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் 11. ஒரு எண்ணையோ பெயரையோ சொல்வதற்கு முன் 5. மூன்றும் மூன்று வேறு நோய்கள், மருந்தும் வேறு. தொடக்கத்தில் வருவது யோசிக்க நேரம் வேண்டும் என்பதால். இரண்டு விநாடி பேசாமல் இருந்துவிட்டுத் தொடங்கலாம், யாரும் குறைவாக நினைக்கப்போவதில்லை. எண்ணுக்கு முன் வருவது அந்த விஷயம் சரியாகத் தெரியாததால். பேச்சுப் பயிற்சி அதற்கு உதவாது. குறிப்பை எடுத்துப் படிக்க வேண்டும். வாராக்கடன் என்றால் 90 நாளுக்கு மேல் வட்டியோ தவணையோ பாக்கி நிற்பது என்று தெரிந்தவர், 90 என்று சொல்வதற்கு முன் 'ம்ம்' போட மாட்டார்.

அதிகம் விழுவது விஷயங்களின் இணைப்பில், அந்தப் பதினொன்று. அடுத்து என்ன சொல்வது என்று முடிவு செய்யாமலே இந்த வாக்கியத்தை முடித்துவிடுவதுதான் காரணம். 'சோ சொல்லக் கூடாது' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பேசினால் அதன் இடத்துக்கு 'லைக்' வந்து உட்காரும். வாக்கியம் முடிந்ததும் வாயை மூடுங்கள், உதடு சேர வேண்டும். ஒரு விநாடி. உங்களுக்கு அது ஐந்து விநாடி போலத் தோன்றும். பதிவில் நேரக்கோட்டைப் பார்த்தால் ஒரு விநாடிகூட இருக்காது. ஒரு எச்சரிக்கை: இந்தச் சொற்களை எண்ணப் போனின் வாய்ஸ் டைப்பிங்கை நம்ப வேண்டாம். அது 'ம்ம்' போன்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டுச் சுத்தமாக எழுதிக் கொடுத்துவிடும். கையால்தான் எழுத வேண்டும்.

இந்தக் கணக்கு பொருந்தாத ஒருவர் உண்டு: திக்குவாய் உள்ளவர். முதல் எழுத்து திரும்பத் திரும்ப வருவதும், சொல் தொண்டையில் நிற்பதும் இடைச்செருகல் அல்ல. அவற்றை எண்ணி அடக்கப் பார்த்தால் திக்கல் கூடத்தான் செய்யும். கடினமான சொல்லைத் தாண்டுவதற்காகவே பலர் 'ஆக்சுவலி' போன்ற சொல்லைப் படியாக வைத்துக்கொள்கிறார்கள். அதைப் பிடுங்காதீர்கள். அவர்கள் முதல் முறையையும் இரண்டாம் முறையையும் விட்டுவிட்டு, கீழே வரும் மூன்றாவதை மட்டும் செய்யட்டும். அறைக்குள் போனதும், 'எனக்குத் திக்கல் உண்டு, சில சொல்லுக்கு நேரம் எடுக்கும்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது நல்லது. அந்த வரியையும் பதிவு செய்து பழகலாம். மறைக்கப் போராடும் சக்தி பதிலுக்குப் போகும். கேட்பவரும் பதற்றம் என்று தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். இதைச் சொல்லித்தராமல் 'மெதுவாகப் பேசு, சரியாகிவிடும்' என்று அனுப்பிவைக்கும் பயிற்சியாளர்களை என்ன சொல்வது!

மூன்றாம் முறை, கட்டமைப்புக்கு. பதிவைப் பத்தாவது விநாடியில் நிறுத்துங்கள். கேட்ட கேள்விக்கு விடை வந்துவிட்டதா? உங்கள் பதிவில் விடை 48-வது விநாடியில்தான் வருகிறது. அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழு வங்கிக் கடனில் மாடு வாங்கியதும், கிளை அதிகாரி வீட்டுக்கே வந்து பார்த்ததும் அங்கேதான் இருக்கிறது. பதிலிலேயே உங்களுடையது அது ஒன்றுதான். மற்றவை எந்த மெக்கானிக்கல் பட்டதாரியும் சொல்லக்கூடியவை. அதை முதலுக்குக் கொண்டுவாருங்கள். முதல் வாக்கியம்: ஒரு கிளை கொடுக்கும் சிறு கடன் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை என் வீட்டில் பார்த்தேன், அதனால் வங்கி. பிறகு அந்த மாட்டுக்கடன், இரண்டு வாக்கியம். பிறகு படிப்பு எங்கே உதவும் என்பது: சிறு தொழிலுக்குக் கடன் கேட்டு வரும் திட்ட அறிக்கையில் இயந்திரத்தின் விலையும் உற்பத்தித் திறனும் பொருந்துகின்றனவா என்று உங்களால் பார்க்க முடியும். அத்தோடு நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் 90 சொல், முக்கால் நிமிடம். பதிலின் கடைசியில் குரலை இறக்கி 'தட்ஸ் ஆல் சார்' என்கிறீர்களே, அதுவும் போய்விடும். கடைசி வாக்கியம் எது என்று தெரிந்தவருக்கு அது தேவைப்படாது.

எல்லாப் பதிலும் முக்கால் நிமிடம் போக வேண்டியதில்லை. ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டால் 15 முதல் 20 விநாடி போதும்.

பதிவு செய்யும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை ஒரு கை தூரத்தில் மேஜை மேல் வையுங்கள். சீட்டை எடுத்துக் கேள்வியைச் சத்தமாகப் படித்துவிட்டு உடனே பதில் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சீட்டு, அதில் இரண்டை மட்டும் மறுநாள் ஆராய்ந்தால் போதும். சொதப்பினாலும் அதே கேள்வியை அன்று மறுபடி பதிவு செய்ய வேண்டாம். இரண்டாவது தடவை வருவது ஞாபகம், பேச்சு அல்ல. முதல் வாரம் குரல் மட்டும். வீடியோ எடுத்தால் முகத்தையும் துப்பட்டாவையும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அது இரண்டாம் வாரத்துக்கு.

தனியாகப் பழகுவதில் ஒரு பெரிய குறை உண்டு: குறுக்குக் கேள்வி வராது. அதற்கு வழி இருக்கிறது. உங்கள் பதிலில் நீங்களே சொன்ன பெயர்ச்சொற்களை அடிக்கோடிடுங்கள். 'சுய உதவிக் குழு' என்றால் அடுத்த கேள்வி, அந்தக் குழுவுக்கு அடமானம் இல்லாமல் எவ்வளவு வரை கடன் தரலாம் என்பதுதான். 'திட்ட அறிக்கை' என்றால் அதில் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்பார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் இப்படி இரண்டு சீட்டு எழுதி அதே டப்பாவில் போடுங்கள். விடை தெரியாத சொல்லைப் பதிலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இனி அந்தச் சென்டர் விஷயம். மாக் இன்டர்வியூ நடத்துவது தவறில்லை. ஆனால் 'மாதிரிப் பதில்கள்' என்று ஒரு பி.டி.எஃப். கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் முதல் 30 விநாடி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே பி.டி.எஃப். படித்த நாற்பது பேர் ஒரே குழுவின் முன் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இதைவிட மோசமானவர்கள், 'போர்டில் ஆள் இருக்கிறார், மார்க் போட்டுத் தருகிறோம்' என்று போன் செய்பவர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சிபாரிசு தேடினாலே தகுதி இழப்புக்கு இடம் உண்டு. இன்டர்வியூ 100 மார்க், தேற 40 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 35. இறுதிப் பட்டியலில் மெயின்ஸுக்கு 80, இன்டர்வியூவுக்கு 20 என்றுதான் கணக்கு. அந்த இருபதை வைத்துத்தான் இவ்வளவு வியாபாரமும்.

வியாபாரத்துக்கு இடம் கொடுப்பது அமைப்புதான். நான்கு வருடப் பொறியியல் படிப்பில் வைவாவைத் தவிர ஒரு மாணவி எழுந்து நின்று இரண்டு நிமிடம் பேச வாய்ப்பு எங்கே இருக்கிறது? இன்டர்வியூ முடிந்தால் மார்க் மட்டும் வருகிறது. எங்கே குறைத்தோம் என்று ஒரு வரி எழுதித் தருவதில்லை. 38 வாங்கியவர் அடுத்த வருடமும் அதே பதிலோடு போய் உட்கார்கிறார்.

மூன்றாம் வாரத் தொடக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரே ஒரு முறை உட்காருங்கள். உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி யாராவது இருப்பார். சீட்டு டப்பாவை அவர் கையில் கொடுத்து, இருபது நிமிடம் விருப்பப்படி குறுக்கே கேட்கச் சொல்லுங்கள். அதையும் அவரிடம் சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். மறுநாள் அந்தப் பதிவில் நீங்கள் பேசும் இரண்டு நிமிடத்தை எடுத்து, விஷயங்களின் இணைப்பில் விழும் இடைச்செருகல்களை மட்டும் எண்ணுங்கள். பதினொன்று நாலைந்தாகக் குறைந்திருந்தால் பயிற்சி வேலை செய்கிறது. குறையாவிட்டால் அந்தப் பதில்களில் விஷயங்கள் அதிகம் என்று பொருள். ஒவ்வொன்றிலும் ஒரு விஷயத்தை வெட்டுங்கள்.