அது வேறு விஷயம் இல்லை

கேள்வி: எனக்கு இப்போது 26 வாரம், முதல் குழந்தை. என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் தம்பிக்குப் பெரிய தொகையைக் கடனாகக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதமாக இதே சண்டைதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள், அவர் வேலையிலிருந்து வந்ததும் ராத்திரியில் ஆரம்பிக்கும். மாமியாரும் சேர்ந்துகொள்வார். கத்துவேன், அழுவேன், அன்றைக்குச் சாப்பிடாமல் மாத்திரையும் போடாமல் படுத்துவிடுவேன், அது வேறு விஷயம். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து விழிப்பு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் குழந்தையும் உதைக்கிறது. பயந்துபோய்தான் உதைக்கிறதா? என் டென்ஷன் அதைப் பாதிக்குமா? மனதை அமைதியாக வைத்துக்கொள்ள என்ன செய்வது?
— பெயர் வேண்டாம்

பதில்: "அது வேறு விஷயம்" என்று எழுதினீர்களே, அதைத்தான் நான் நான்கு முறை திரும்பப் படித்தேன். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. எல்லாரும் சண்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள், சாப்பிடாமல் படுத்ததை அரை வரியில் தாண்டிப் போவார்கள். கடனும் தம்பியும் மாமியாரும் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் அந்த அரை வரிக்கு வருவோம்.

நீங்கள் பயப்படுவது கோபத்தில் சுரக்கிற ஹார்மோன்களைத்தானே? அட்ரினலின், கார்ட்டிசால். சண்டை போட்டால் இரண்டும் ஏறும், உண்மைதான். ஆனால் அட்ரினலின் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். கார்ட்டிசால் அப்படியே குழந்தையிடம் போய்க் கொட்டிவிடாது. நஞ்சுக்கொடியில் அதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது, தாயின் ரத்தத்தில் வருகிற கார்ட்டிசாலில் பெரும்பகுதியை வேலை செய்யாத ஒன்றாக மாற்றித்தான் உள்ளே விடுகிறது. அதுவும் போக, கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்குமே கார்ட்டிசால் இரண்டு மூன்று மடங்கு ஏறித்தான் இருக்கும், சண்டையே இல்லாத வீட்டிலும். வாய்த் தகராறு ஒன்று நடந்து ஓய்ந்தால் அது குழந்தையைத் தொடுவதில்லை. மாதக்கணக்கில் ஓயாமல், மூச்சு விட இடமில்லாமல் அழுத்துகிற கஷ்டம் அப்படியல்ல. அது குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் உள்ள வாய்ப்பை ஓரளவு கூட்டுகிறது. எப்படிக் கூட்டுகிறது என்று பார்த்தால், தூக்கம் கெடுவது, சாப்பாடு தவறுவது, மாத்திரை விட்டுப்போவது, பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது, இந்த வழிகளில் நிறைய நடக்கிறது. இதில் இரண்டை நீங்களே கடிதத்தில் எழுதி, வேறு விஷயம் என்று ஒதுக்கிவிட்டீர்கள்.

உங்கள் ஒரு ராத்திரியைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டிருப்பீர்கள். சாயந்தரம் ஐந்து மணிக்கு ஏதாவது கொறித்திருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்குச் சண்டை, பத்து மணிக்குப் படுக்கை, அழுது தூங்கப் பன்னிரண்டு. மூன்று மணிக்கு விழிக்கும்போது பத்து மணி நேரமாக வயிற்றில் ஒன்றும் இல்லை. காலையில் எட்டு மணிக்கு வாய் நனைத்தால் பதினைந்து மணி நேரம். குழந்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்காது, தூங்கும்போதும் உங்கள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் மற்றவர்கள் ஒரு வேளை பட்டினி கிடப்பதும் கர்ப்பிணி கிடப்பதும் ஒன்றல்ல. கர்ப்பிணிக்குச் சர்க்கரை சீக்கிரம் இறங்கும், உடம்பு சீக்கிரமே கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும், அப்படிக் கரையும்போது உண்டாகிற கீட்டோன் என்ற பொருள் ஏறும். சர்க்கரை இறங்கினால் அதைத் தூக்கி நிறுத்த உடம்பு எதை விடும் தெரியுமா? அதே அட்ரினலினையும் கார்ட்டிசாலையும்தான். சண்டையில் ஏறியது தூங்கும்போது இறங்கியிருக்கும். அதை மூன்று மணிக்கு மறுபடி ஏற்றிவிடுவது பட்டினியாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

நானும் இதைச் செய்தவள்தான். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது, ஒரு பேச்சுக்காக என் மாமியாரைத் தண்டிப்பதாக நினைத்து ராத்திரிச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை பரிசோதனை. சிறுநீரில் தோய்த்தெடுத்த சின்னக் காகிதப் பட்டையில் கீட்டோனைக் காட்டுகிற கட்டம் மட்டும் வெளிர் நிறத்திலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிக்கொண்டே வந்தது. நர்ஸ் அதை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "நேத்து ராத்திரி சாப்பிடலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "யாரு மேல கோபம்?" என்றார். நான் மாமியார் என்று சொன்னேன். "அவங்க சாப்பிட்டாங்களா?" என்றார். சாப்பிட்டுத்தான் படுத்திருந்தார்.

கோபத்தில் பட்டினி கிடப்பது எதற்காக என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கணவர் வந்து எழுப்புவார், கெஞ்சுவார், ஒரு வாயாவது சாப்பிடு என்பார் என்கிற எதிர்பார்ப்பு. அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் உங்களோடு சேர்த்து இன்னொரு ஆளையும் அந்தப் பட்டினியில் உட்கார வைக்க உங்களுக்கு உரிமை இல்லை அம்மா. ஒரு நாள் தவறினால் ஒன்றும் ஆகிவிடாது. வாரத்தில் மூன்று நாள், இரண்டு மாதம் என்றால் அது பழக்கம், இன்றோடு நிறுத்துங்கள். கோபமாக இருந்தாலும் பேசாமல் உட்கார்ந்து சாப்பிடலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டாலும் சாப்பாடு சாப்பாடுதான்.

மாத்திரைக்கு வருகிறேன். இரும்புச் சத்து மாத்திரையைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த மாதங்களில் ரத்தத்தின் அளவு பெருகுகிறது, குழந்தையும் இரும்பைத் தன் பங்குக்கு எடுத்துக்கொள்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டால் ஹீமோகுளோபின் இறங்கலாம். பொதுவாக 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அதன் அறிகுறிகளில் ஒன்று நெஞ்சு படபடப்பு. ஆக அந்த மூன்று மணிப் படபடப்புக்குப் பயமும் காரணமாக இருக்கலாம், பட்டினியும் இருக்கலாம், ரத்தசோகையும் இருக்கலாம். தைராய்டு கூட இப்படிச் செய்யும். இதைக் கடிதத்தில் எனக்கு எழுதினால் போதாது. இந்த வாரமே டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாத்திரையை ராத்திரிக்கு வைத்துக்கொண்டால்தானே சண்டையில் விட்டுப்போகிறது? பகலுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போடாதீர்கள், இரும்பு சரியாக உடம்பில் சேராது.

குழந்தை பயந்து உதைக்கவில்லை. ராத்திரியில் குழந்தைகள் நன்றாக அசையும். பகலில் நீங்கள் நடமாட்டத்திலும் வேலையிலும் கவனிப்பதில்லை, மூன்று மணிக்கு அசையாமல் படுத்திருக்கும்போது ஒவ்வொரு உதையும் தெரிகிறது. உதைக்கிற குழந்தை நன்றாக இருக்கிறது. வழக்கமான அசைவு குறைந்தாலோ நின்றாலோதான் பயப்பட வேண்டும். அப்போது விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, அமைதிக்கு என்ன செய்வது. மூச்சுப் பயிற்சி என்றதும் எல்லாரும் நெஞ்சு விரிய ஆழமாக இழுக்கிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. கர்ப்பத்தில் நீங்கள் ஏற்கெனவே வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதோடு வேகவேகமாகப் பெருமூச்சு இழுத்தால் தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், அதைப் பார்த்து இன்னும் பயம் வரும். இழுப்பதைச் சாதாரணமாக விடுங்கள், மனதுக்குள் நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்தால் போதும். விடுவதை நீட்டுங்கள், உதட்டைக் குவித்து, ஆவி பறக்கிற டம்ளரை ஊதுவது போல, ஆறு எண்ணும் வரை. நடுவில் மூச்சைப் பிடித்து நிறுத்த வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை நிதானமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணியும், அதனால்தான் நீட்டச் சொல்கிறேன். ஐந்து நிமிடம் செய்யுங்கள், மல்லாந்து படுத்துச் செய்யாமல் சாய்ந்து உட்கார்ந்தோ ஒருக்களித்துப் படுத்தோ செய்யுங்கள். சண்டை உச்சத்தில் இருக்கும்போது இதை முதல்முறையாக முயன்றால் வராது, சும்மா இருக்கிற மத்தியானத்தில் ஒரு வாரம் பழகி வையுங்கள்.

அதைவிட முக்கியம், சண்டையின் நேரத்தை மாற்றுவது. இரண்டு பேரும் களைத்து, பசியோடு இருக்கிற ராத்திரி ஒன்பது மணியில் எந்தக் கடன் பேச்சும் நல்லபடியாக முடியாது. லீவு நாள் காலையில், சாப்பிட்ட பிறகு, அரை மணி நேரம், ஒரு தாளில் தொகையையும் திரும்பி வரும் தேதியையும் பிரசவச் செலவுக்கு இருக்கிற பணத்தையும் எழுதிவைத்துப் பேசுங்கள். மற்ற நாளில் பேச்சு கிளம்பினால் "ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போங்கள். ஏறிய உடம்பு அடங்க இருபது முப்பது நிமிடமாவது வேண்டும், அதற்குள் திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே ஆரம்பிக்கும்.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கு. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். தம்பிக்கு உதவியது குற்றம் இல்லை தம்பி, கூடப்பிறந்தவனுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வீர்கள்? மனைவியைக் கேட்காமல் செய்தது குற்றம், அதற்கு ஒரு முறையாவது மன்னிப்புக் கேட்டீர்களா? உங்கள் அம்மா இந்தப் பேச்சில் நுழையும்போது, "இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் அம்மா" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். மனைவி சொன்னால் அது எதிர்ப்பேச்சு ஆகிவிடும், மகன் சொன்னால் ஆகாது. அவள் சாப்பிடாமல் படுத்தால், யார் பக்கம் நியாயம் என்று பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போங்கள். நியாயத்தைக் காலையில் பேசிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை, அதனால் நானே கேட்கிறேன். இந்தச் சண்டைகளில் யாராவது உங்களைத் தள்ளியதோ, அடித்ததோ, அடிப்பேன் என்று கை ஓங்கியதோ உண்டா? உண்டு என்றால் மூச்சுப் பயிற்சியும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் உங்களுக்கான பதிலே இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லிவிட்டு அந்த வீட்டிலிருந்து நகருங்கள். வயிற்றில் அடி பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்தால் ஆரம்பத்தில் வெளியே தெரியாமலே இருக்கலாம். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதையும் அங்கே சொல்லுங்கள், 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி ஒன்று இருக்கிறது. அப்புறம், சண்டை இல்லாத நாட்களிலும் எதிலும் பிடிப்பு இல்லாமல், அழுகையாகவே இரண்டு வாரம் போனால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது, பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது, வாரத்தில் எத்தனை ராத்திரி சாப்பிடவில்லை, எத்தனை மாத்திரை விட்டுப்போனது என்று எண்ணிச் சொல்லுங்கள், கூசாமல். உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார விடாமல், அறைக்குள் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள், அந்த எண்ணிக்கையை அவரும் காதால் கேட்கட்டும்.