சலரோகம் ஏற்கெனவே இருந்தால்: பிள்ளைக்கு முன்னும் பின்னும் கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் நீரிழிவு கிளினிக்கிலும் கர்ப்பிணி கிளினிக்கிலும் நீண்ட காலம் வேலை செய்த தாதி ஒருவர் பதில் சொல்கிறார்.

கோப்பாய், வயது 31: சிஸ்டர், 4 வருஷமாச் சலரோகம். மெட்ஃபோர்மின், கிளிக்லசைட், பிரஷருக்கு லோசார்டன், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோர்வாஸ்டட்டின் போடுறன். எச்பிஏ1சி 8.4. பிள்ளைக்கு எப்ப முயற்சி செய்யலாம்?

இந்த மாதம் வேண்டாம் தங்கச்சி. ஒரு ஆறு மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் முள்ளந்தண்டுக் குழாய் மூடுவது கருத்தரித்து 4 கிழமைக்குள். இதயமும் அந்த நாட்களில்தான் உருவாகிறது. மாதவிடாய் தள்ளிப்போய், பரிசோதித்து, குடும்பநல மாதுவிடம் பதிந்து கிளினிக்குக்கு வரும்போது அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். அதனால்தான் சீனியை முன்னரே இறக்கச் சொல்கிறோம். எச்பிஏ1சி 6.5க்குக் கீழே வந்தால் நல்லது. 10க்கு மேல் இருந்தால் இப்போதைக்குக் கருத்தரிக்கவே வேண்டாம் என்பார்கள். அதுவரை குடும்பக் கட்டுப்பாட்டை விட வேண்டாம்.

உங்கள் குளிசைகளைப் பார்ப்போம். லோசார்டன் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதற்குப் பதிலாக மெதில்டோபா, நிஃபெடிபின் போன்ற ஒன்றை டொக்டர் எழுதுவார். ஆனால் நீங்களாக நிறுத்தினால் பிரஷர் ஏறும், ஆகவே மாற்று கைக்கு வந்த பிறகே விடுங்கள். அட்டோர்வாஸ்டட்டினைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். கிளிக்லசைட்டுக்குப் பதிலாக இன்சுலின் வரும். ஃபோலிக் அசிட் 5 மில்லிகிராம் இப்போதே தொடங்கி கர்ப்பத்தின் 12ஆம் கிழமை வரை. சாதாரணத் தாய்மாருக்குக் கொடுக்கும் சிறிய அளவு உங்களுக்குப் போதாது. சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், விழித்திரை மூன்றையும் இந்த ஆறு மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

எப்படி இறங்கும் என்று கேட்பீர்கள். உங்களைப் போல ஒருவர் வந்தார். காலையில் பிட்டும் சம்பலும் சாப்பிட்டு 2 மணித்தியாலத்தில் பார்த்தால் 210. வெறும் வயிற்றில் 128தான். எங்கே ஏறுகிறது என்று அந்த அளவுகளை எழுதிய கொப்பியைப் பார்த்ததும் தெரிந்தது. பிட்டைப் பாதியாக்கி, முட்டையோ மீனோ, ஒரு கை கீரையோ சேர்த்தார். இரவு இன்சுலின் ஊசி தொடங்கி, வெறும் வயிற்று அளவைப் பார்த்துச் சில நாளுக்கு ஒருமுறை 2 யூனிட்டாக ஏற்றினார்கள். எச்பிஏ1சி மூன்று மாதத்தில் 7.2, ஆறு மாதத்தில் 6.4. எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரி என்பதால், அதற்கு முன் திரும்பத் திரும்ப எடுத்தால் காசுதான் போகும்.

மானிப்பாய்: ஊசி தொடங்கினா வாழ்நாள் முழுக்கப் போடோணும். மெட்ஃபோர்மினையும் நிப்பாட்டத்தான் வேணும். என்ர மச்சாளுக்கு அப்பிடித்தான் சொன்னவை.

முதலாவது, கோப்பாய்த் தங்கச்சி மாதிரி ஆட்களுக்குச் சரியில்லை. பிள்ளை பிறந்த பின் பலர் குளிசைக்கே திரும்புகிறார்கள். உங்கள் மச்சாளுக்கு எந்த வகைச் சலரோகம் என்று எனக்குத் தெரியாது. மெட்ஃபோர்மின் விஷயத்தில் டொக்டர்மார் ஒன்றாகப் பேசுவதில்லை. அது பிள்ளைக்குப் போய்ச் சேரும். பிள்ளை சற்றுச் சிறிதாகப் பிறக்கலாம் என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். தாயின் எடையும் இன்சுலின் அளவும் குறையும் என்று தொடர்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்கும் டொக்டரிடம் கேட்காமல் ஒருவர் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

சாவகச்சேரி: எனக்கு 28ஆம் கிழமைதான் சீனி எண்டு பிடிபட்டது. நானும் ஃபோலிக் 5 போட்டு கண் காட்டோணுமோ?

உங்கள் கதை வேறு, அக்கா. அது கர்ப்பத்தோடு வந்தது. முன்பு சோதித்துச் சரியாக இருந்திருந்தால் இதெல்லாம் தேவைப்படாது. முதல் கிழமைகளிலேயே சீனி அதிகமாக இருந்ததாக உங்கள் அட்டையில் ஏதும் எழுதியிருந்தால் மட்டும் டொக்டரிடம் காட்டுங்கள். பிள்ளை பிறந்து 6 கிழமையில் மறுபடி சோதிக்க மறக்க வேண்டாம்.

பருத்தித்துறை, கணவர்: மனுசிக்கு 12 வயசிலிருந்து ஊசி. இப்ப 10 கிழமை. விடிய 3 மணிக்கு வேர்த்துக் கொட்டுது, கதைச்சா விளங்கேல்லை. மாமி, மசக்கை எண்டு சொல்லுறா.

மாமி சொல்வதை விடுங்கள், தம்பி, அது சீனி இறங்கியது. அடுத்த முறை உடனே குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே, அதுவும் சுய உணர்வு இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியோ குளுக்கோசோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி குத்துங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். ஏறிய பின் ஒரு துண்டு பாணோ இரண்டு பிஸ்கட்டோ. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். வீட்டில் சீனியை ஏற்றும் குளுக்ககோன் ஊசி வைத்திருப்பது பற்றிக் கேளுங்கள்.

10, 12 கிழமைகளில் பலருக்கு ஊசி குறைவாகத்தான் தேவைப்படும். சத்தி வேறு இருந்தால் சாப்பிட்டது போகும், போட்ட ஊசி வேலை செய்துகொண்டேயிருக்கும். முந்தைய அளவிலேயே போட்டால் இரவில் இப்படித்தான். நாளைக்கே கிளினிக்கில் சொல்லி இரவு அளவைக் குறைக்கக் கேளுங்கள். ஆனால் ஊசியை முழுதாக நிறுத்த வேண்டாம். இந்த வகைச் சலரோகத்தில் ஒரு நாள் நிறுத்தினாலே இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் கூடி ஆபத்தாகிவிடும், கர்ப்பத்தில் சீனி 200 கூட ஆகாமல் அது வரலாம். சத்தியோடு மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம்.

16 கிழமைக்குப் பின் நேர்மாறு. நச்சுக்கொடியின் ஓமோன்கள் இன்சுலினைத் தடுக்கத் தொடங்கும், 36 கிழமை வரை தேவை இரண்டு மடங்குகூட ஆகலாம். "ஏறிக்கொண்டே போகுது, ஊசி வேலை செய்யேல்லை" என்று அழுவார்கள். அளவு ஏறுவது அந்தக் காலத்தில் எதிர்பார்த்ததுதான். வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு 2 மணித்தியாலத்தில் 120க்குக் கீழே, என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி 70க்குக் கீழே விழுந்தால் அந்த இலக்கைச் சற்றுத் தளர்த்துவார்கள்.

நல்லூர்: கண் நல்லாத்தான் தெரியுது. எச்பிஏ1சி 5.9. பிறகேன் கண் டொக்டரும், கூடுதல் ஸ்கானும்?

பார்வை நன்றாக இருக்கும்போதே விழித்திரையில் இரத்தக் கசிவு தொடங்கியிருக்கும். கர்ப்பத்தில் அது வேகமாகலாம். சீனியை அவசரமாக இறக்கினாலும் சிலருக்குக் கூடும், அதனால்தான் முன்பே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு முதல் வருகையிலும் 28 கிழமையிலும் காட்ட வேண்டும். 5.9 பற்றி: கர்ப்பத்தில் செந்நிறக் கலங்கள் சீக்கிரம் புதுப்பிக்கப்படுவதால் அந்த எண் கொஞ்சம் குறைந்தே காட்டும். விரலில் குத்திப் பார்த்து எழுதும் கொப்பியை நம்புங்கள்.

ஸ்கான்: 20 கிழமையளவில் பிள்ளையின் இதயத்தைத் தனியாகக் கவனிக்கக் கேளுங்கள், பிறகு 28, 32, 36இல் வளர்ச்சி. 12 கிழமையிலிருந்து இரவில் சிறிய அளவு அஸ்பிரின் எழுதுவார்கள், பிரஷர் ஏறும் அபாயத்துக்கு. இரத்தம் மெலியும் என்று பயந்து மறைத்து வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். பயமிருந்தால் கேளுங்கள்.

உரும்பிராய், 35 கிழமை: மூன்று நாளா சீனி நல்லா இறங்கிப்போச்சு, ஊசியைக் குறைச்சிட்டன். அம்மா சந்தோசப்படுறா.

எவ்வளவு குறைத்தீர்கள்? அடிக்கடி 70க்குக் கீழே போய், மொத்த ஊசி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் இன்றே பிரசவ வார்டுக்குப் போங்கள். இந்தக் கிழமைகளில் திடீரென இறங்குவது சிலரிடம் நச்சுக்கொடி சோர்ந்ததன் அடையாளம். பலருக்கு ஒன்றும் இருக்காது, ஆனால் பிள்ளையின் இதயத்துடிப்பைப் பதியும் சிடிஜியும் ஸ்கானும் பார்க்காமல் வீட்டிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. பிள்ளையின் அசைவு குறைந்ததா என்றும் கவனியுங்கள். குறைந்திருந்தால் ஊசிக் கணக்கைப் பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.