மழைப் படத்தில் ஒரு குடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மழையில் நிற்கும் நண்பரின் படத்தில் குடையை ஒட்டி, தரையில் நிழலும் போட்டேன். பார்த்தவுடனே ஒட்டுவேலை என்று தெரிகிறதே?

காட்டிக்கொடுப்பது அந்தத் தரை நிழல்தான். மேகம் மூடிய பகலில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் பரவலாக வருகிறது. அதனால் விளிம்பு தெரிகிற நிழல் தரையில் விழாது. குடை மறைப்பது மேலிருந்து வரும் வெளிச்சத்தை மட்டும்தான். இருட்டவேண்டியது ஆளின் மேல்பக்கம்.

தரை நிழலை அழித்துவிட்டு, ஆளுக்கு மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் வைத்து நடுப்பகுதியைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். அதன் மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கி, மென்மையான வெள்ளை பிரஷ்ஷால் உச்சந்தலை, தோள்களின் மேல்புறம், மூக்கின் முதுகு ஆகியவற்றில் தீட்டுங்கள். மார்புக்கு வரும்போது கரைந்து போகட்டும், இடுப்புக்குக் கீழே எதுவும் வேண்டாம். பக்கவாட்டு வெளிச்சம் குடைக்கு அடியிலும் நுழைவதால் முகத்தை ரொம்ப இருட்டாக்கக் கூடாது. நெற்றியிலும் தோளிலும் வானத்தின் பளபளப்பு மிச்சமிருந்தால் அதைக் குறைத்தே ஆகவேண்டும். பலரும் விடுவது இதைத்தான்.

மெல்லிய சிவப்புத் துணிக் குடை என்றால் அதன் வழியாக வரும் வெளிச்சம் தலையிலும் தோளிலும் லேசாகச் சிவப்பேற்றும். கறுப்புக் குடைக்கு இந்த வேலை இல்லை. இரவில் தெருவிளக்கின் கீழ் எடுத்த படமானால் கணக்கே வேறு: அங்கே உண்மையான நிழல் உண்டு, விளக்குக்கு எதிர்ப்பக்கமாக.

கை குடையைப் பிடித்த மாதிரியே இல்லை. காம்பு கையின் மேல் மிதக்கிறது.

முதலில் ஒரு கேள்வி: படத்தில் கை எப்படி இருக்கிறது? தொடையோரம் தொங்கும் கையில் குடையைச் செருகவே முடியாது, முழங்கை மடங்கியிருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், யாரையாவது குடை பிடிக்கச் சொல்லி அதே கோணத்தில், வெயில் படாத இடத்தில் புதிதாக ஒரு படம் எடுத்து, சட்டைக்கை மடிப்பு வரை வெட்டி வைப்பதே நல்லது.

உங்கள் நண்பர் நெஞ்சருகே பையின் வாரைப் பிடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரை அழித்துவிட்டால், மூடிய கை தயார். இனி மூன்று அடுக்கு: அடியில் ஆள், அதன் மேல் குடை, எல்லாவற்றுக்கும் மேலே அந்த நான்கு விரல்களின் நகல். விரல்கள் காம்பைச் சுற்றி வளையும் இடத்தில் மட்டும் மாஸ்க் திறந்திருக்கட்டும். கட்டைவிரல் மறுபக்கத்திலிருந்து வந்து ஆள்காட்டி விரலை ஒட்டி நிற்க வேண்டும். விரலிடுக்கில் காம்பு எட்டிப் பார்த்தால் தவறில்லை, அது நம்பகத்தைக் கூட்டும்.

அப்புறம் தொடுநிழல். விரல்களுக்குக் கீழே, குடை லேயரோடு கிளிப் செய்த ஒரு மல்டிப்ளை லேயரில், விரலோரத்தை ஒட்டிக் காம்பின் மேல் மெல்லிய கோடு தீட்டுங்கள். விரலை ஒட்டிய பக்கம் அடர்த்தி, சற்றுத் தள்ளியதும் மறைவு. தூய கறுப்பு வேண்டாம். சட்டை மடிப்பில் உள்ள இருட்டு நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிடி சரியா என்று பார்க்க ஒரு வழி: கைக்கு மேலே தெரியும் காம்பும் கீழே தெரியும் பிடியும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இம்மி விலகினாலும் காம்பு ஒடிந்தது போலத் தெரியும்.

குடை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்?

சாதாரணக் குடை விரிந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம். ஆள் நேராக நின்றால் தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். கண் மட்டத்தில் எடுத்த படத்தில், தலைக்கு மேலே நேராகப் பிடித்த குடையின் அடிப்புறமும் கம்பிகளும்தான் கொஞ்சம் தெரியும். மேல்பக்கம் தெரிகிற குடைப் படத்தை அங்கே வைக்காதீர்கள்.

ஈரத் தரையில் குடையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் போதுமா?

பாதி சரி. பாதம் தரையைத் தொடும் கோட்டிலிருந்து குடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, பிரதிபலிப்பு அதே அளவு கீழே வரவேண்டும். பெரும்பாலும் படத்துக்கு வெளியே போய்விடும், நிம்மதி! படத்துக்குள் வந்தால் சிக்கல். தரை, குடையைக் கீழேயிருந்து பார்க்கிறது. எனவே பிரதிபலிப்பில் குடையின் உட்புறம் நேரில் தெரிவதைவிட அதிகமாகத் தெரியும். திருப்பிய நகலைச் செங்குத்தாகக் கொஞ்சம் நீட்டி, செங்குத்துத் திசையில் மோஷன் பிளர் கொடுத்து, ஒபாசிட்டியைக் குறைத்தால் சொரசொரப்பான தார்ச்சாலைக்குப் போதும். தேங்கிய நீரில் இந்த ஏமாற்று செல்லாது. கீழிருந்து எடுத்த குடைப் படம் வேண்டும்.

மழைக்கோடுகளை என்ன செய்ய?

கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவே விழுபவை அப்படியே இருக்கட்டும், குடையின் மேலும் அவற்றை நகலெடுத்துப் போடுங்கள். முகத்தை ஒட்டி, குடைக்கு அடியில் விழுவதாகத் தெரிபவற்றை மட்டும் அழியுங்கள். கம்பி நுனிகளில் ஒன்றிரண்டு சொட்டு போதும், எல்லா நுனியிலும் வைத்தால் தோரணம் கட்டியது போலிருக்கும்.