சேலரி ஃபைலை பேங்க்ல ஏத்துறதுக்கு முன்னாடி: உங்க கேள்வி, என் பதில்

பேரோல் பார்க்க ஆரம்பிச்சு பதினாறு வருஷம் ஆச்சு, இப்ப திருப்பூர்ல ஒரு நிட்டிங் யூனிட்ல இருக்கேன். ஃபைலை செக் பண்றது பத்தி மட்டும் கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன். முதல்லயே ஒண்ணு: சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் பண்ணி எக்செல்ல திறக்காதீங்க.

கோவை கணக்கர்: டோட்டலும் டேலி, ஆள் எண்ணிக்கையும் டேலி. அப்புறம் என்னக்கா செக் பண்ண இருக்கு?

இருக்கு தம்பி. எனக்கே நடந்ததை சொல்றேன். 214 பேர், நெட் 38,46,250 ரூபா. ரெஜிஸ்டர்லயும் அதே, ஃபைல்லயும் அதே, சந்தோஷமா ஏத்தியாச்சு. மறுநாள் காலைல ஒரு ஹெல்பர் பையன் வந்து நிக்கிறான், சம்பளம் வரலன்னு. பார்த்தா அவனுக்கும் இன்னொரு ஹெல்பருக்கும் நெட் ஒண்ணுதான், 17,850. ஷீட்டை திருத்தும்போது ஒருத்தனோட வரி இன்னொருத்தன் வரி மேல பேஸ்ட் ஆகிடுச்சு. ஒருத்தனுக்கு ரெண்டு தடவை போச்சு, இன்னொருத்தனுக்கு போகவே இல்ல. வரி எண்ணிக்கை மாறல, தொகை மாறல, அப்புறம் டேலில எப்படி தெரியும்? மினிமம் வேஜஸ்ல ஒரே கிரேடுல நாப்பது பேர் இருக்கிற எந்த கம்பெனிலயும் இது நடக்கும்.

அதுக்கப்புறம் நான் அக்கவுண்ட் நம்பரையும் கூட்ட ஆரம்பிச்சேன். முழு நம்பர் வேணாம், கடைசி ஆறு இலக்கம் போதும்.

```
=SUMPRODUCT(--RIGHT(C2:C215,6))
```

இதை பேங்க் ஃபைல்ல ஒரு தடவை, எம்ப்ளாயி மாஸ்டர்ல ஒரு தடவை போடுங்க. எங்க கேஸ்ல விட்டுப்போனவன் நம்பர் 204517ல முடியுது, ரெண்டு தடவை போனவன் நம்பர் 318906ல. இந்த கூட்டல் போட்டிருந்தா 114389 வித்தியாசம் அன்னிக்கே கண்ணுல பட்டிருக்கும். ஆனா மாஸ்டர்னா உண்மையிலேயே தனியா இருக்கிற மாஸ்டர், பேங்க் ஃபைல்ல இருந்து காப்பி பண்ணின ஷீட் இல்ல. அதை வெச்சு பார்த்தா தப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

ஈரோடு ராணி: COUNTIF போட்டா டூப்ளிகேட்னு காட்டுது, கண்ணால பார்த்தா ரெண்டு நம்பரும் வேற வேற. என்ன பண்ண?

ரெண்டும் 16 இலக்கமா இருக்கும் பாருங்க. எக்செல் ஒரு எண்ணுல 15 இலக்கம் வரைக்கும்தான் ஞாபகம் வெச்சுக்கும். நீங்க டெக்ஸ்டா வெச்சிருந்தாலும் COUNTIF அதை எண்ணா மாத்தித்தான் ஒப்பிடும், அதனால முதல் 15 இலக்கம் ஒண்ணா இருந்து கடைசி இலக்கம் மட்டும் மாறினா அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒரே பிராஞ்சுல ஒரே நாள்ல பத்து பேருக்கு சேலரி அக்கவுண்ட் திறந்தா நம்பர் வரிசையாத்தானே வரும், அங்க இது கொத்து கொத்தா வரும். சிவப்பு கலர் காட்டுற டூப்ளிகேட் ஹைலைட்டும் இதே தப்பைத்தான் பண்ணும். இதை போடுங்க, எழுத்துக்கு எழுத்து பார்க்கும்:

```
=SUMPRODUCT(--($C$2:$C$215=C2))
```

1 வந்தா சரி, 2 வந்தா நிஜ டூப்ளிகேட்.

சேலம் வெங்கி: அக்கா சொல்றது பாதிதான் சரி. எனக்கு COUNTIFதான் ஒரு டூப்ளிகேட்டை பிடிச்சு குடுத்துச்சு, நீங்க சொல்ற ஃபார்முலா விட்டுடுச்சு.

ஒத்துக்கிறேன். உங்களோடது எஸ்பிஐயா இருந்திருக்கும். 11 இலக்க நம்பருக்கு முன்னாடி ஆறு பூஜ்யம் சேர்த்து 17 இலக்கமா சில இடத்துல எழுதியிருக்கும். ஒரு வரில பூஜ்யத்தோட, இன்னொரு வரில பூஜ்யம் இல்லாம இருந்தா எழுத்துக்கு எழுத்து பார்க்கிறப்ப ரெண்டும் வேற. COUNTIF எண்ணா பார்க்கிறதால பிடிச்சிடும். அதனால ரெண்டையும் ஓட்டுங்க, ரெண்டும் ஒத்துப்போகாத வரியை கண்ணால பாருங்க. இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும்.

கரூர் டெக்ஸ்: புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் எங்ககிட்டதான் வேலை, ஒரே ஜாயிண்ட் அக்கவுண்ட். இதுவும் டூப்ளிகேட்தானா?

தப்பு இல்ல, ஆனா மாசா மாசம் பட்டியல்ல வந்து நிக்கும். ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து லெட்டர் வாங்கி வெச்சு, அனுமதிச்ச டூப்ளிகேட்னு ஒரு சின்ன ஷீட் வெச்சுக்கோங்க. அதுல இல்லாதது வந்தா மட்டும் நிறுத்துங்க. அரியர்ஸை தனி வரியா போடுறவங்களும் இங்கதான் மாட்டுவாங்க, அதை சம்பளத்தோட ஒரே வரில சேர்த்துடுங்க.

புதுசா சேர்ந்தவள்: எந்த பேங்க்குக்கு எத்தனை இலக்கம்னு லிஸ்ட் இருந்தா குடுங்க மேடம்

எஸ்பிஐ 11, ஐசிஐசிஐ 12, எச்டிஎஃப்சி 14, ஐஓபி 15, பிஎன்பி 16. ஆனா இந்த லிஸ்ட்டை மட்டும் நம்பி உட்காராதீங்கமா. 2020 ஏப்ரல்ல சிண்டிகேட் கனராவோட சேர்ந்துச்சு, அலகாபாத் இந்தியன் பேங்கோட சேர்ந்துச்சு, இப்படி சேர்ந்த பேங்க்ல பழைய நம்பர் வேற நீளத்துல இருக்கும். நீங்க போன மாசம் அனுப்பி சரியா கிரெடிட் ஆன ஃபைல்தான் நல்ல லிஸ்ட். ஐஎஃப்எஸ்சியோட முதல் நாலு எழுத்தை LEFT போட்டு எடுத்து, பக்கத்துல நீளத்தை வெச்சு ஒரு பிவட் போடுங்க. ஐஓபில 37 பேருக்கு 15, ஒருத்தருக்கு மட்டும் 14ன்னு வந்தா அந்த ஒருத்தர்தான் பிரச்சனை. ஐஓபி, ஐசிஐசிஐ, பிஎன்பில எல்லாம் நிறைய நம்பர் பூஜ்யத்துல ஆரம்பிக்கும், சிஎஸ்வியை டபுள் கிளிக்ல திறந்தா அந்த பூஜ்யம் காணாம போயிடும்.

நீளம் பார்க்கிறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணணும். வாட்ஸப்ல வந்த நம்பரை காப்பி பண்ணினா கூடவே கண்ணுக்கு தெரியாத ஒரு ஸ்பேஸ் வர்றதுண்டு, TRIMக்கு அது அடங்காது.

```
=LEN(SUBSTITUTE(SUBSTITUTE(C2,CHAR(160),"")," ",""))
```

நீளம் சரியா இருக்கிறதால நம்பர் சரின்னு அர்த்தம் இல்ல. 45ஐ 54ன்னு அடிச்சாலும் நீளம் அதேதான்.

ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்: நம்பர் தவறினாலும் பெயர் பொருந்தாவிட்டால் பணம் திரும்பி வந்துவிடும். வீணாகப் பயமுறுத்த வேண்டாம்.

சார், உங்க அனுபவத்துக்கு மரியாதை, ஆனா இதை நம்பி யாராவது ஏத்திடுவாங்க. மின்னணு பரிமாற்றத்துல நம்பரை மட்டும் பார்த்து கிரெடிட் பண்ணலாம்னு 2010 அக்டோபர்லயே ரிசர்வ் பேங்க் சர்க்குலர் வந்தாச்சு. அப்படி ஒரு அக்கவுண்ட்டே இல்லன்னா திரும்பி வரும். வேற யாரோட அக்கவுண்டாவது அந்த நம்பர்ல இருந்தா போய் உட்கார்ந்துடும்.

ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்: 2025 ஏப்ரல் முதல் பெயர் காட்டும் வசதி கட்டாயம் ஆகிவிட்டது. அதை நீங்கள் சொல்லவே இல்லையே?

அது சரிதான் சார், நெஃப்ட்லயும் ஆர்டிஜிஎஸ்லயும் அனுப்புறவருக்கு பேர் காட்டணும்னு சொல்லியாச்சு, நல்ல விஷயம். ஆனா காட்டுது, அவ்வளவுதான். பார்த்து முடிவு பண்ண வேண்டியது நம்ம. 214 வரியை ஒரே ஃபைலா ஏத்துறப்ப வரிக்கு வரி பேர் பார்க்க வழி இருக்கான்னு அவங்கவங்க பேங்க்ல கேட்டுக்கணும்.

திண்டுக்கல் மில்: எங்களுக்கு அப்படித்தான் 22,400 ரூபா யாருக்கோ போச்சு. அந்த ஆள் சம்மதிக்காம எடுக்க முடியாதுன்னு பேங்க்ல சொல்லிட்டாங்க, அஞ்சு மாசமா அலையறேன்.

கஷ்டமா இருக்குங்க. சார், இதைத்தான் சொல்றேன்.

ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்: நாங்கள் வேலை பார்த்த காலத்தில் பெயரைப் பார்க்காமல் ஒரு ரூபாய் வரவு வைத்ததில்லை. இப்போதும் நல்ல கிளையில் பார்ப்பார்கள்.

கிளையில மனுஷன் பார்த்தா பார்க்கலாம் சார். ஃபைல் சிஸ்டத்துல போறப்ப எந்த மனுஷனும் பார்க்கிறது இல்ல. இதுல நாம ஒத்துப்போகப் போறதில்ல, அடுத்த கேள்விக்கு போறேன்.

நாமக்கல் பவுல்ட்ரி: ரெஜிஸ்டர் 12,64,380, ஃபைல் 12,46,380. 18,000 குறையுது. யாரை விட்டேன்னு தேடுறேன், ஆள் எண்ணிக்கை 96 சரியாத்தான் இருக்கு.

ஆளைத் தேடுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு எண்ணையும் பாருங்க, 64, 46. வித்தியாசம் 9ஆல வகுபட்டா இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. டோட்டலை கையால அடிச்சீங்களா?

நாமக்கல் பவுல்ட்ரி: இல்லக்கா, SUM ஃபார்முலாதான்.

அப்ப என் யூகம் தப்பு. ஏதோ ஒரு தொகை டெக்ஸ்டா இருக்கு, SUM அதை சத்தமில்லாம தாண்டிப் போயிடும். இதை போடுங்க, 0 வரணும்:

```
=SUMPRODUCT(--NOT(ISNUMBER(E2:E97)))
```

நாமக்கல் பவுல்ட்ரி: 1 வருது. ஒரு சூப்பர்வைசர் தொகை இடது பக்கம் ஒட்டி இருக்கு, 18,000க்கு பின்னாடி ஒரு ஸ்பேஸ்!

அதேதான். அந்த செல்லை அழிச்சு மறுபடி அடிங்க, டோட்டல் தானா வந்துடும்.

பைசா பிரச்சனை: ஃபைல் டோட்டல்ல 37 பைசா வித்தியாசம் வருது

செல்லுல ரெண்டு டெசிமல் தெரியுது, உள்ள நாலஞ்சு இருக்கு. ஒவ்வொரு வரிலயும் ROUND போட்டு அப்புறம் கூட்டுங்க. டோட்டல்ல மட்டும் ROUND போட்டா தீராது.

மதுரை ஏஜென்சி: அக்கவுண்ட் நம்பர் 4.02116E+15ன்னு வருது, டெக்ஸ்டுக்கு மாத்தியும் சரியாகல

சிஎஸ்வியை டபுள் கிளிக்ல திறந்திருக்கீங்க. 4021155000087654ன்னு இருந்தது உள்ள 4021155000087650 ஆயிடுச்சு. அப்படியே சேவ் வேற பண்ணியிருந்தா, திரையில தெரிஞ்சதுதான் ஃபைல்ல போயிருக்கும், மறுபடி திறந்தா 4021160000000000. டெக்ஸ்டுக்கு மாத்தினா போன இலக்கம் திரும்பி வராது. மாஸ்டர்ல இருந்து மறுபடி எடுங்க. திறக்கிறப்ப Data மெனுவுல From Text/CSV போய், Transform Data குடுத்து, அக்கவுண்ட் நம்பர் columnஐ Text ஆக்குங்க, கேட்டா Replace current குடுத்துட்டு லோட் பண்ணுங்க.

பாண்டி ஸ்டோர்ஸ்: ஃபைலை செக் பண்ண சிஎஸ்வியை எக்செல்லயே திறந்து பார்க்கலாம்ல?

மேல இருக்கிற பதிலை படிங்க. சும்மா பார்க்கணும்னா நோட்பேடுல திறங்க.

விழுப்புரம் எச்ஆர்: பிஎஃப் இசிஆர் ஃபைல்ல எரர் வருதுங்க

அது வேற ஃபைல், வேற ஃபார்மட். பிஎஃப் பார்க்கிற கன்சல்டண்ட்கிட்ட கேளுங்க.

கோவை கணக்கர்: அக்கா, நீங்க சொன்ன கடைசி ஆறு இலக்க கூட்டல் போட்டேன். டோட்டல் டேலி, இதுல 27 இடிக்குது. ஆள் மாறியிருந்தா இவ்வளவு கம்மியாவா வரும்?

பெரும்பாலும் வராது. 27ம் 9ஆல வகுபடுது பாருங்க. யாரோ ஒருத்தர் நம்பர்ல கடைசி ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும், 58க்கு 85 மாதிரி, அந்த ரெண்டு இலக்கத்துக்கும் நடுவுல வித்தியாசம் 3. எம்ப்ளாயி கோட் வெச்சு போன மாச ஃபைலோட VLOOKUP போட்டு, அக்கவுண்ட் நம்பர் மாறின வரியை மட்டும் எடுங்க. ரெண்டு மூணுதான் வரும். அவங்களுக்கு மாஸ்டர்ல இருக்கிற செல் நம்பர்ல போன் பண்ணி, பாஸ்புக்கை பார்த்து வாசிக்க சொல்லுங்க. மாஸ்டர்லயே தப்பா இருந்தா அதையும் திருத்துங்க, அதுவரைக்கும் ஃபைலை ஏத்தாதீங்க.