0/0 வந்தால் அடுத்த வரி என்ன?

எல்லை, தொடர்ச்சி தேர்வில் மதிப்பெண் குறைந்ததால் பாடப்பிரிவையே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முடிவு இப்போது வேண்டாம். முதலில் திருத்தப்பட்ட விடைத்தாளை எடுத்து, எந்த வரியில் மதிப்பெண் போயிருக்கிறது என்று பாருங்கள். இந்தப் பாடத்தில் பெரும்பாலும் இரண்டாவது வரியில்தான் போகும்.

x → 0 எனும்போது (√(x+4) − 2)/x என்பதன் எல்லை கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். x = 0 என்று போட்டால் 0/0. இதை விடையாகவே எழுதி "எல்லை இல்லை" என்று முடிப்பவர்கள் நிறையப் பேர். 0/0 என்பது தேறப்பெறாத வடிவம். எல்லை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கோவையைச் சுருக்கினால்தான் தெரியும். தொகுதியையும் பகுதியையும் √(x+4) + 2 ஆல் பெருக்குங்கள். தொகுதி (x+4) − 4, அதாவது x ஆகிவிடும். பகுதியில் உள்ள x உடன் அது அடிபட, மிஞ்சுவது 1/(√(x+4) + 2). இப்போது x = 0 போட்டால் 1/4.

தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிடும் லோபிதால் விதியிலும் இதே 1/4 வரும். ஆனால் அந்த விதியில்தான் எனக்குப் பயம். கேள்வியில் 2-க்குப் பதில் 1 இருந்தால், அதாவது (√(x+4) − 1)/x என்றால், x = 0-வில் தொகுதி 1, பகுதி 0. இது தேறப்பெறாத வடிவமே அல்ல. வலப்பக்கம் +∞, இடப்பக்கம் −∞ நோக்கிப் போகும், எல்லை இல்லை. பிரதியிட்டுப் பார்க்காமல் வகையிட்டவருக்கோ இங்கும் 1/4 கிடைக்கும்! மாறிலியின் வகைக்கெழு பூச்சியம் என்பதால் 2-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசமே காணாமல் போய்விடுகிறது. ஆகவே பிரதியிட்டு வந்த வடிவத்தை விடைத்தாளில் எழுதிவிட்டே விதியைத் தொடுங்கள்.

தொடர்ச்சிக் கேள்வியும் இதே கணக்கிலிருந்து பிறப்பதுதான். x ≠ 0 எனில் f(x) = (√(x+4) − 2)/x, f(0) = k; f தொடர்ச்சியாக இருக்க k என்ன? எல்லை 1/4 என்று ஏற்கெனவே தெரியும். அது f(0)-க்குச் சமமாக இருக்க வேண்டும், எனவே k = 1/4. "எல்லை = f(0)" என்ற வரியைத் தனியாக எழுதுங்கள்; தொடர்ச்சியின் வரையறையே அதுதான்.

பகுதியில் x-க்குப் பதில் |x| வந்தால் இரு பக்கமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வலப்பக்க எல்லை 1/4, இடப்பக்க எல்லை −1/4. எந்த k போட்டாலும் தொடர்ச்சி வராது. மட்டுக்குறியையோ, பகுதி பகுதியாக வரையறுத்த சார்பையோ கண்டால் இரு பக்க எல்லைகளையும் எழுதாமல் நகராதீர்கள்.

விடைத்தாளில் தவறு இந்த இடங்களில் இருந்தால் அடுத்த தேர்வுக்குள் சரிசெய்துவிடலாம். மாறாக, √(x+4) + 2 ஆல் பெருக்கிச் சுருக்கும் வரியிலேயே தடுமாறியிருந்தால், குறை பள்ளி இயற்கணிதத்தில் இருக்கிறது. காரணிப்படுத்தல், வர்க்கமூலம் இரண்டையும் முதலில் பயிற்சி செய்யுங்கள். பாடப்பிரிவு பற்றி அதன் பிறகு பேசுவோம்.