பழைய பித்தளை எடைக்கல்லின் வயதை முத்திரையை வைத்துச் சொல்ல முடியுமா?

"நாகர்கோவிலில் எங்க தாத்தா நடத்திய பலசரக்குக் கடையிலிருந்து பித்தளை எடைக்கல்லும் நாழியும் கிடைச்சிருக்கு. ஒரு கல்லில் சங்கு முத்திரை இருக்கு. எத்தனை வருஷம் பழசுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முதலில் ஒவ்வொரு கல்லையும் டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். முத்திரையைப் பிறகு பார்க்கலாம்.

நம்ம ஊர் 1949 வரை திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. கடைகளில் ராத்தல் கணக்கு ஓடிய காலம் அது. ஒரு ராத்தல் 453.6 கிராம், அரை ராத்தல் ஏறக்குறைய 227, கால் ராத்தல் 113. கிராம் கணக்கு 1958 அக்டோபரில்தான் படிப்படியாக வரத் தொடங்கியது; 1962 ஏப்ரலோடு பழைய எடைகள் சட்டப்படி முடிந்தன. ஆகவே கல் எந்த அளவுக்காக வார்க்கப்பட்டது என்பதே அதன் காலத்தைப் பாதி சொல்லிவிடும்.

கோட்டாற்றில் மூடப்போகும் ஒரு கடையில் நான்கு கல் பார்த்தேன். நான்கும் ஒரே கருப்பு நிறம். மூன்று 451, 226, 113 கிராம் இருந்தன. பெரிய கல்லில் குறைந்த இரண்டு சொச்சம் கிராம் தேய்மானம்: அடி விளிம்பு மழுங்கி, விரல் பிடிக்கும் குமிழ் வழுவழுப்பாக இருந்தது. நான்காவது கல் 500 கிராம். அதில்தான் சங்கு பளிச்சென்று இருந்தது. சங்கு திருவிதாங்கூர் அரசின் சின்னம். அரைக் கிலோவோ அதற்குப் பிந்தைய அளவு. இரண்டும் ஒரே கல்லில் சேர வழியில்லை, சங்கைப் பின்னால் யாரோ அடித்திருக்கிறார்கள். அந்தக் கல்லை எடுக்காமல் மற்ற மூன்றையும் வாங்கினேன்.

முத்திரையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உளியால் அடித்த குறியைச் சுற்றிப் பித்தளை லேசாக மேலெழும்பி நிற்கும். அச்சிலேயே வார்த்த குறி என்றால் விளிம்பு மொழுக்கென்று இருக்கும், உள்ளே மணல் புள்ளிகள் தெரியும். எடைக்கல்லைச் சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குறி விழும். அதனால் பல வருஷம் ஓடிய கல்லில் சில குறிகள் தேய்ந்தும் சில கூர்மையாகவும் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவு மங்கலாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். குறியில் இருக்கும் வருஷம் சரிபார்த்த வருஷம், செய்த வருஷம் இல்லை. மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் 825 கூட்டிப் பாருங்கள், அது முடியும் வருஷம் கிடைக்கும்: 1112 என்றால் 1936 ஆவணியில் தொடங்கி 1937 வரை. மலையாள எழுத்தை மட்டும் நம்பவேண்டாம், களியக்காவிளை எல்லைக்கு அப்பால் கேரளத்திலிருந்து இன்றும் பழைய சாமான் வருகிறது.

நாழியில் வாய் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தலைதட்டி அளந்து அளந்து உதடு மெலிந்திருக்கும், உடம்பு மட்டும் பழைய தடிமனிலேயே இருக்கும். உடம்பெல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது அரம் போட்டுத் தேய்த்த வேலை.

எதையும் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். குறிகளின் குழிக்குள் படிந்த கருப்பு போய்விட்டால் பழைய குறி எது, புதுக் குறி எது என்று பிரிக்கவே முடியாது.